எரிந்தால் யார் மாற்றுவது? மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகம் கேட்டு முதல்வருக்கு எழுதிய கடிதம்

எங்கள் துறைக்கு மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகம் கேட்டு எங்கள் கல்லூரி முதல்வருக்கு நான் எழுதிய கடிதம் இது. வேறு கல்லூரிகளில் இதே வேலையில் இறங்கியிருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டதால் பொதுவில் வைக்கிறேன். ஊர், பெயர் எல்லாம் எடுத்துவிட்டேன். விலைகள் நான் விசாரித்தபோது கடைக்காரர்கள் சொன்னவை. உங்கள் பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எங்கள் முதல்வர் வேதியியல்காரர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

---

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: மின்னணுவியல் துறைக்கு மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகம் அமைத்தல் – கருவிகள், செலவு விவரம்.

இந்த ஆய்வகத்துக்கு என்ன வாங்கலாம் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளவும். "ஏன் விலை குறைந்ததை வாங்கினீர்கள்" என்று தணிக்கையில் நிச்சயம் ஒரு கேள்வி வரும். அதற்கான பதிலும் இதிலேயே இருந்துவிட்டால் நல்லது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தேவை எளிதானது. வகுப்பில் 60 பேர். முப்பது முப்பதாக இரண்டு அணி, ஒரு மேசைக்கு இரண்டு பேர். அப்படியானால் 15 மேசை. இப்போது நம்மிடம் இருப்பவை, 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலரை, அதாவது ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினியை, வைத்துப் பயிற்சி தரும் பழைய டிரெய்னர் கிட்டுகள் சில. அவற்றில் பாதி ஓடவில்லை, ஓடும் பாதியையும் பூட்டி வைத்திருக்கிறோம். ஏன் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் மையமே. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய மாதிரியே புதிய டிரெய்னர் கிட்டுகள். இரண்டு, ஆர்டுயினோ ஊனோ போர்டுகளும் உதிரிப் பாகங்களும். மூன்று, இஎஸ்பி32 அல்லது எஸ்டிஎம்32 போன்ற புதிய தலைமுறைப் போர்டுகள். என் விருப்பம் இரண்டாவது. துறையின் மாணவர் மன்றத்துக்காகக் கொஞ்சம் ஊனோ போர்டுகள் வாங்கி, கடந்த இரண்டு ஆண்டுகளாக மாணவர் கையில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

டிரெய்னர் கிட்டு

முதலில் அதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தில் 8051 இருக்கிறது. கிட்டோடு வரும் கையேட்டில் பாடத்திட்டத்தின் சோதனைகள் வரிசை மாறாமல் இருக்கும். எண் விசைப்பலகை, டிஸ்ப்ளே, மின்வழங்கி எல்லாம் ஒரே பெட்டிக்குள். விற்பவரே வந்து வைத்து, ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார். புறத்தேர்வாளர் உள்ளே வந்ததும் 15 பெட்டி வரிசையாகத் தெரியும். ஆய்வகம் ஆய்வகம் மாதிரியே இருக்கும். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

விலை, இடைமுக அட்டைகளையும் சேர்த்து ஒன்றுக்கு 14,000 ரூபாய் அளவில் சொல்கிறார்கள். 15 கிட்டுக்கு 2,10,000. பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,47,800. கணினி, அலைகாட்டி, மேசை மின் இணைப்பு எதுவும் இதில் இல்லை.

8051 பழசாகிவிட்டது என்பதை நான் ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். இன்டெல் அதை 1980-ல் கொண்டுவந்தது. இன்று இன்டெலே அதைச் செய்வதில்லை. ஆனாலும் அதன் வழிவந்த சிப்புகளை மற்ற நிறுவனங்கள் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கற்றுக்கொள்ள நல்ல சிப். நான் ஆட்சேபிப்பது சிப்பை அல்ல, அந்தப் பெட்டியை.

பெட்டி ஏன் பூட்டிக் கிடக்கிறது

உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் உடைந்தால் என்ன ஆகிறது? உடைசல் பதிவேட்டில் ஒரு வரி. ஸ்டோரிலிருந்து இன்னொரு பியூரெட். அடுத்த பத்து நிமிடத்தில் தைட்ரேஷன் தொடர்கிறது. பியூரெட் உடையும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு ஏற்பாடும் இருக்கிறது. அதனால்தான் மாணவர் கையில் பயமில்லாமல் கொடுக்கிறோம்.

டிரெய்னர் கிட்டு விஷயத்தில் அப்படி இல்லை. 14,000 ரூபாய் பொருள் என்பதால் அது நிரந்தர இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஒரு மாணவன் போர்ட் ஒன்றில் தவறான மின்னழுத்தத்தைக் கொடுத்துவிட்டால், செத்துப்போவது உள்ளே இருக்கும் நூறு ரூபாய் சிப்பாக இருக்கலாம், ஒரு ரெகுலேட்டராக இருக்கலாம். ஆனால் எது என்று பார்க்க நம்மிடம் சுற்று வரைபடம் கிடையாது. பல கிட்டுகளில் சிப்பின் மேல் எழுத்தையே சுரண்டிவிட்டிருப்பார்கள். ஆகவே பெட்டியைக் கட்டி, விற்றவருக்கு அனுப்ப வேண்டும். போக்குவரத்துச் செலவுக்கு ஒரு கடிதம், பழுதுநீக்கும் செலவுக்கு ஒரு மதிப்பீடு, அதற்கு ஒப்புதல், அப்புறம் பில். ஒரு செமஸ்டர் முடிந்துவிடும். விற்றவர் கடையை மூடிவிட்டால் பெட்டி அப்படியே அலமாரியில் இருக்கும். கழிவு செய்யக் குழு கூடும் வரை பதிவேட்டிலும் இருக்கும், இடத்தையும் அடைக்கும்.

இதன் விளைவு என்ன? ஆய்வக உதவியாளர் பொறுப்புள்ளவர். கெட்டுப்போனால் கேள்வி தனக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே கையேட்டில் இல்லாத எந்த இணைப்பையும் அவர் செய்யவிடுவதில்லை. மாணவனும் கையேட்டைப் பார்த்து ஹெக்ஸ் எண்களை அடித்து, விடையை எழுதிக்கொண்டு போகிறான். வெளியே ஒரு கம்பியைக்கூட இணைக்காமலே மைக்ரோகன்ட்ரோலர் தேர்வில் தேறிவிட முடிகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்.

ஆகவே "எது நல்ல போர்டு" என்பதைவிட "எரிந்தால் அதை யார், எத்தனை நேரத்தில், எந்தக் கணக்கில் மாற்றுவது" என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்ற எல்லா ஒப்பீட்டையும் இதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

ஊனோ: சிப் கழன்று வரும் போர்டு

ஆர்டுயினோ ஊனோ 2010-ல் வந்தது. அதன் ஆர்3 வடிவத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மைக்ரோகன்ட்ரோலர் சிப் போர்டிலேயே பற்றவைத்த சிறிய சதுரமாக இருக்கும். இதை எஸ்எம்டி என்பார்கள். மற்றதில் 28 கால் உள்ள நீள சிப் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும்; இது டிஐபி. நான் கேட்பது இந்த இரண்டாவது வகையை மட்டுமே. எஸ்எம்டி போர்டு நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சிப் கழன்று வராது என்றால் நான் கீழே சொல்லப்போகும் நன்மை மொத்தமும் போய்விடும்.

மாணவர் மன்றத்தில் வழக்கமாக நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 12 வோல்ட் மோட்டாரை ஓட்டும் சோதனை. மோட்டாருக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் வருகிறது. சால்டரிங் இல்லாமல் கம்பிகளைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டில் ஒரு துளை தள்ளிக் கம்பியைச் செருகினால் அந்த 12 வோல்ட் நேராகச் சிப்பின் காலுக்குப் போகும். அந்தக் கால் தாங்குவது தன் 5 வோல்ட்டுக்கு மேல் அரை வோல்ட் மட்டும். சிப் தொட முடியாத அளவுக்குச் சுடும். அதன் பிறகு புரோகிராம் ஏற்ற முயன்றால் திரையில் இப்படி வரும்:

```
avrdude: stk500_getsync() attempt 1 of 10: not in sync: resp=0x00
```

இந்த வரியைப் பார்த்ததும் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. தவறான யுஎஸ்பி போர்ட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், போர்டின் 0, 1 எண் கால்களில் ஏதாவது கம்பி இருந்தாலும்கூட இதே வரிதான் வரும். ஆகவே முதலில் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு மறுபடி முயல வேண்டும். அப்போதும் வந்தால், யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவரை ஒரு முனையில் கொஞ்சம், மறு முனையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நெம்பினால் கால் வளையாமல் வரும். பிறகு 0, 1 இரண்டு கால் துளைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, கேபிளைச் செருகி, ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரில் எதையாவது அடித்து அனுப்ப வேண்டும். அடித்த எழுத்து அப்படியே திரும்பி வந்தால் போர்டின் யுஎஸ்பி பக்கம் நன்றாக இருக்கிறது, செத்தது சிப் மட்டும்தான் என்று பொருள். புதுச் சிப்பைப் பள்ளம் இருக்கும் முனை பார்த்துச் செருகினால் வேலை முடிந்தது. புதுச் சிப்பின் கால்கள் கொஞ்சம் விரிந்திருக்கும். மேசைமேல் பக்கவாட்டில் வைத்து லேசாக அழுத்தி நேராக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு மாணவனே செய்கிறான். செலவு 250 ரூபாய்.

எழுத்து திரும்பி வராவிட்டால், அந்த 12 வோல்ட், போர்டின் 5 வோல்ட் வழிக்கே போய் யுஎஸ்பி சிப்பையும் கொன்றிருக்கும். அந்தப் போர்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்போதும் நட்டம் 550 ரூபாய். அதன் சாக்கெட்டும் ரெகுலேட்டரும் உதிரியாகப் பயன்படும்.

இன்னொரு வகைச் சேதமும் உண்டு, அது ஏமாற்றும். சின்ன மோட்டாரை டிரான்சிஸ்டர் இல்லாமல் நேராக ஒரு காலில் கட்டுவார்கள். ஒரு காலின் உச்ச வரம்பு 40 மில்லிஆம்பியர். 20-க்குள் வைப்பதே நல்லது. மோட்டார் கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். சிப் முழுதாகச் சாகாது. அந்த ஒரு கால் மட்டும் செத்துவிடும். புரோகிராம் ஏறும், 13-ஆம் காலில் விளக்கு மினுக்கும், எல்லாம் சரியாகத் தோன்றும். அடுத்த வாரம் வேறொரு மாணவன் அதே போர்டில் 7-ஆம் காலைப் பயன்படுத்தி, தன் புரோகிராமில்தான் பிழை என்று ஒரு மணி நேரம் தேடிக்கொண்டிருப்பான். இதற்காக எல்லாக் கால்களையும் வரிசையாக மினுக்கும் ஒரு சோதனைப் புரோகிராமை வைத்திருக்கிறோம். ஒரு எல்இடியும் 330 ஓம் ரெசிஸ்டரும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். செத்த காலின் எண்ணைச் சிறு ஸ்டிக்கரில் எழுதிச் சிப்பின் தலையில் ஒட்டிவிடுகிறோம். மற்ற கால்கள் ஓடும்வரை அந்தச் சிப்பும் ஓடும்.

காலிச் சிப்புக்கு உயிர் கொடுப்பது

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பின்னால் "சிப் வாங்கியும் ஓடவில்லையே" என்று வரும். ஆலையிலிருந்து வரும் காலிச் சிப் ஊனோவில் அப்படியே ஓடாது. அது தன் உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஊனோவில் வேண்டியது வெளியே உள்ள 16 மெகாஹெர்ட்ஸ். அதோடு, யுஎஸ்பி வழியே புரோகிராமை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர் என்ற சிறு நிரலும் அதில் இருக்காது. பூட்லோடர் ஏற்றிய சிப் கடையில் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. காலிச் சிப் வாங்கி நாமே ஏற்றிக்கொண்டால் மிச்சம். யுஎஸ்பிஏஎஸ்பி என்ற 300 ரூபாய்க் கருவி போதும். சாக்கெட்டில் காலிச் சிப்பைச் செருகி, சிப்பில் நிரல் எழுதும் avrdude என்ற மென்பொருளில் இந்த இரண்டு கட்டளைகள்:

```
avrdude -c usbasp -p m328p -B 10 -e -U lfuse:w:0xFF:m -U hfuse:w:0xDE:m -U efuse:w:0xFD:m
avrdude -c usbasp -p m328p -U flash:w:optiboot_atmega328.hex:i
```

முதல் கட்டளையில் உள்ள `-B 10` மெதுவாகப் பேசச் சொல்வது. 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்பிடம் வேகமாகப் பேசினால் பதில் வராது. மலிவான கருவிகள் சில இந்தச் சொல்லைக் கேட்காமல் `cannot set sck period` என்று எச்சரிக்கும். அப்போது கருவியின் மேலேயே இருக்கும் வேகம் குறைக்கும் ஜம்பரை இணைத்துக்கொள்ள வேண்டும். கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் `Burn Bootloader` இருக்கிறது. அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. விடுமுறையில் ஒரு மதியம் உட்கார்ந்தால் ஓர் ஆண்டுக்கு வேண்டிய சிப்புகளைத் தயார் செய்து டப்பாவில் போட்டு வைத்துவிடலாம்.

கொள்முதல் ஆணையில் சிப்பின் பெயரை `ATmega328P-PU` என்று முழுதாக எழுத வேண்டும். அந்த `P` விட்டுப்போனால் `ATmega328-PU` வரும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், வேலையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அதன் அடையாள எண் வேறு. கட்டளை "நான் தேடும் சிப் இது இல்லை" என்று மறுத்துவிடும். சமாளிக்க வழி இருக்கிறது என்றாலும், 15 மேசை ஆய்வகத்தில் இரண்டு வகைச் சிப் கலந்து கிடப்பது தலைவலி.

போலிப் பொருளா?

நான் கேட்கும் 550 ரூபாய்ப் போர்டு ஆர்டுயினோ நிறுவனத்தின் அசல் அல்ல. தணிக்கையில் இது எழும். ஊனோவின் சுற்று வரைபடத்தையும் போர்டு வடிவமைப்பையும் அந்த நிறுவனமே பொதுவில் திறந்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துச் செய்து விற்கலாம். அவர்களுடைய பெயரையும் சின்னத்தையும் போட்டு விற்பதுதான் தவறு. ஆகவே ஆணையில் "ஊனோ ஆர்3 ஒத்த போர்டு, டிஐபி சாக்கெட் உடன்" என்று எழுதினால் போதும். ஒத்த போர்டுகளில் யுஎஸ்பி சிப் பெரும்பாலும் சிஎச்340 என்ற மலிவு வகையாக இருக்கும். விண்டோஸ் கணினிகள் சிலவற்றில் அதற்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அதைத் தவிர பாடம் நடத்துவதில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அசல் போர்டு மட்டும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். இந்த ஒத்த போர்டுகள் எட்டு, பத்து ஆண்டு தாங்குமா என்று கேட்டால், எங்கள் அனுபவம் இரண்டு ஆண்டுதான். அதற்கு மேல் உறுதி சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

மூன்றாவது வழி

இஎஸ்பி32 போர்டு 450 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வைஃபை, புளூடூத் உள்ளேயே இருக்கிறது, ஊனோவைவிடப் பல மடங்கு வேகம். மாணவர்கள் இதைத்தான் கேட்பார்கள், நியாயமும் கூட. ஆனால் அது 3.3 வோல்ட் போர்டு. நம்மிடம் உள்ள உதிரிப் பாகங்களில் பலவும் 5 வோல்ட். தூரம் அளக்கும் `HC-SR04` உணரி 5 வோல்ட்டில் பதில் அனுப்பும். நடுவே 1 கிலோஓம், 2 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு 3.3-க்குக் குறைக்காமல் இணைத்தால் போர்டு மெல்லக் கெடும். கெட்டால் சிப்பை மட்டும் மாற்ற முடியாது, போர்டையே மாற்ற வேண்டும். முதல் முறை கம்பி பிடிக்கும் கைக்கு இது சரியான இடமில்லை. இறுதி ஆண்டு புராஜெக்ட்டுக்கு ஐந்து மட்டும் போதும்.

எஸ்டிஎம்32 வகையில் நியூக்ளியோ போர்டுகளை ஓரளவுதான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் அதிகம் பேச மாட்டேன். ஒன்றில் மட்டும் அவை ஊனோவை நிச்சயமாக மிஞ்சுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் நிறுத்தி, சிப்பின் உள் நினைவிடமான ரெஜிஸ்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதி போர்டிலேயே இருக்கிறது. ஊனோவில் அதற்குத் தனிக் கருவி வேண்டும். தொழிற்சாலை வேலைக்குப் போகிறவனுக்கு அந்தப் பழக்கம் தேவை. முதுகலை தொடங்கும்போது இதைத் தனியாக யோசிக்கலாம்.

பாடத்திட்டம்

நீங்கள் முதலில் கேட்கப்போவது இதுவாகத்தான் இருக்கும். 8051 சோதனைகளை எங்கே செய்வது? இரண்டு ஏற்பாடு. அசெம்பிளி மொழிப் பயிற்சிகளுக்கு எட்சிம்51 என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் ரெஜிஸ்டர் மாறுவது அதில் கண்ணுக்குத் தெரியும். பெட்டியில் ஹெக்ஸ் அடிப்பதைவிட நன்றாகப் புரிகிறது. நிஜச் சிப்பில் செய்ய `AT89S52` பத்து வாங்கினால் போதும். பிரெட்போர்டில் ஒரு படிகம், இரண்டு 33 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், ரீசெட்டுக்கு ஒரு கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் போட்டு, 31-ஆம் காலை 5 வோல்ட்டில் கட்டினால் 8051 எழுந்து உட்காரும். மேலே சொன்ன அதே யுஎஸ்பிஏஎஸ்பி கருவி இதிலும் எழுதும். ஓடுகிற பழைய கிட்டுகளைத் தேர்வு நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

ஆர்டுயினோ எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது, மாணவனுக்கு ரெஜிஸ்டர் என்றால் என்னவென்றே தெரியாமல் போகும் என்று நம் துறையிலேயே மூத்தவர் ஒருவர் சொல்கிறார். அது நியாயமான பயம்தான். ஆர்டுயினோவின் தயார் கட்டளையான `digitalWrite` மட்டும் சொல்லிக்கொடுத்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் அதே போர்டில், அதே மென்பொருளில் இப்படியும் எழுதலாம்:

```c
DDRB  |= (1 << 5);   // 13-ஆம் கால்: வெளியீடு
PORTB ^= (1 << 5);   // நிலையை மாற்று
```

8051-இல் `P1` என்று எழுதுவதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை. முதல் நான்கு சோதனைகளை ரெஜிஸ்டர் வழியிலேயே செய்யவைக்கப் போகிறேன்.

செலவு

கணினிக்குத் தனியாகக் கேட்கவில்லை. கணிப்பொறி ஆய்வகம் கழித்துவைத்த 4 ஜிபி கணினிகளே போதும், `Arduino IDE` 1.8 பதிப்பு அவற்றில் ஓடுகிறது.

| வகை | என்னென்ன | தொகை (ரூ.) |
|---|---|---|
| போர்டும் சிப்பும் | ஊனோ ஒத்த போர்டு 20, அசல் 2, உதிரிச் சிப் 25, யுஎஸ்பிஏஎஸ்பி 3, இஎஸ்பி32 5 | 25,200 |
| பாகங்கள் | பிரெட்போர்டு, கம்பி, எல்சிடி, உணரிகள், சர்வோ, மோட்டார், ரிலே, 8051 சிப், சில்லறை | 26,910 |
| கருவிகள் | மல்டிமீட்டர் 15, லாஜிக் அனலைசர் 4, சால்டரிங் நிலையம் 3, சிறு கருவிகள், அலைகாட்டி 1 | 50,700 |
| மேசை | மின் இணைப்பு, கசிவு தடுப்பான், பாகங்கள் வைக்கும் பெட்டிகள் | 25,000 |
| கூட்டல் | | 1,27,810 |
| ஜிஎஸ்டி 18% | | 23,006 |
| மொத்தம் | | 1,50,816 |

15 மேசைக்கு 20 போர்டு ஏன் என்றால், ஐந்து எப்போதும் மாற்றுக்கு இருக்கும். சோதனை நடுவில் போர்டு போனால் அதைப் பழுது பார்த்துக்கொண்டு நிற்காமல், மாற்றிக் கொடுத்துவிட்டு மாலையில் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பும் மாணவனுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கவும் இவையே. 14,000 ரூபாய்ப் பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப யாருக்கும் மனசு வராது.

பட்டியலில் பெரிய தொகை அலைகாட்டி, 28,000. பணம் குறைக்க வேண்டி வந்தால் அதை வெட்டுங்கள். இயற்பியல் துறையில் உள்ளதை இரவல் வாங்கிக்கொள்கிறேன். 800 ரூபாய் லாஜிக் அனலைசரை இலவச பல்ஸ்வியூ மென்பொருளோடு வைத்தால் டிஜிட்டல் சிக்னல்களில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். 25 உதிரிச் சிப்புகளில் மட்டும் கைவைக்க வேண்டாம். 6,250 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், இரண்டாவது ஆண்டே போர்டுகள் அலமாரிக்குப் போய்விடும்.

நான் உண்மையில் கேட்பது

ஒன்றரை லட்சம் ஒருமுறைச் செலவு. அதைவிட எனக்கு முக்கியம், ஆண்டுக்கு 10,000 ரூபாய் நுகர்பொருள் கணக்கில் துறைக்கு ஒதுக்குவது. பத்துச் சிப், மூன்று போர்டு, தேய்ந்துபோகும் கம்பியும் உணரியும் 4,000 ரூபாய்க்கு என்று கூட்டினால் 8,150, வரியோடு 9,617. அதைத்தான் 10,000 என்று கேட்கிறேன். அதோடு இரண்டு அனுமதி வேண்டும்.

ஒன்று, போர்டையும் சிப்பையும் நிரந்தர இருப்பில் ஏற்றாமல் நுகர்பொருள் பதிவேட்டில் வைப்பது. வேதியியலின் உடைசல் பதிவேடு போலவே ஒன்று தொடங்கிக்கொள்கிறோம். எந்தத் தேதியில் எந்தப் போர்டு, என்ன காரணத்தால் போனது என்று எழுதுவோம். மாணவரிடம் அபராதம் வாங்கும் எண்ணமில்லை. அபராதம் வைத்தால் எரித்தவன் சொல்லாமல் திருப்பி வைத்துவிடுவான், மாட்டுவது அடுத்தவன்.

இரண்டு, பொருள் வந்து இறங்கும் நாளில் பில்லில் கையெழுத்திடும் முன் எங்களுக்கு ஒரு நாள் அவகாசம். ஒவ்வொரு போர்டிலும் சோதனைப் புரோகிராமை ஏற்றி, எல்லாக் கால்களும் மினுக்குகின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ள வேண்டும். டிஐபி கேட்ட இடத்தில் எஸ்எம்டி வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடலாம். பில் பாஸாகிவிட்டால் திருப்புவது பெரும்பாடு.

மூன்று விலைப்புள்ளிகள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றுடையது. ஒப்பீட்டு அட்டவணையோடு இணைத்திருக்கிறேன். தாங்கள் ஒப்புதல் தந்தால் மேசை மின் இணைப்பு வேலையைச் செமஸ்டர் விடுமுறையிலேயே முடித்துவிடலாம், எலக்ட்ரீஷியனிடம் பேசிவைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
துறைத்தலைவர், மின்னணுவியல்

இணைப்பு: விலைப்புள்ளிகள் 3, ஒப்பீட்டு அட்டவணை 1, மேசை வரைபடம் 1